தேதிக்குப் பதில் 45416 என்று வருகிறதா? எண்ணைச் சரியான தேதியாக மீட்கும் வழி

யாரோ அனுப்பிய ஃபைலை இம்போர்ட் செய்து திறக்கிறீர்கள். தேதி இருக்க வேண்டிய நெடுவரிசையில் 45416, 45539 என்று ஐந்து இலக்க எண்கள் நிற்கின்றன. தகவல் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், எதுவும் போகவில்லை. அந்த எண்தான் தேதி. எக்செல் தேதியை உள்ளே அப்படித்தான் வைத்துக்கொள்கிறது, நமக்குக் காட்டும்போது மட்டும் நாள், மாதம், ஆண்டாக மாற்றிக் காட்டுகிறது.

எண்ணைத் தேதி போலத் தெரியவைப்பது அரை நிமிட வேலை. ஆனால் தெரிகிற தேதி உண்மையான தேதிதானா என்பது வேறு கேள்வி. பலர் முதல் வேலை முடிந்ததும் நிம்மதியாக ஃபைலை மூடிவிடுகிறார்கள். நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகள் அதற்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். இந்தக் கட்டுரையில் முதல் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இரண்டாவதில் நிதானமாக இறங்குவோம்.

## இந்த எண் எங்கிருந்து வருகிறது

எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே வருகிறது. 2000 ஜனவரி 1 என்றால் 36526. 2024 ஜனவரி 1 என்றால் 45292. 2030 ஜனவரி 1-க்கு 47484. ஆகவே அண்மைக் காலத் தேதி எதுவானாலும் 36 ஆயிரத்துக்கும் 47 ஆயிரத்துக்கும் நடுவில் எங்காவது விழும். பிறந்த தேதிகள் இன்னும் சிறிய எண்ணாக இருக்கும். 20000 என்பது 1954 அக்டோபர் 3.

கணினி இல்லாமலே ஒரு தோராயம் பார்க்கலாம். எண்ணை 365.25-ஆல் வகுத்து 1900-ஐக் கூட்டுங்கள். 45416-க்கு 2024.34 வரும். அதாவது 2024-இல் மூன்றில் ஒரு பங்கு கழிந்த சமயம், மே மாதத் தொடக்கம். இந்தக் கணக்கைப் போட்டால் கிடைக்கும் ஆண்டு உங்கள் தகவலுக்குப் பொருந்துகிறதா என்று உடனே தெரிந்துவிடும். பொருந்தவில்லை என்றால் அது தேதியே இல்லாமல் வேறு ஏதாவது குறியீட்டு எண்ணாகவும் இருக்கலாம்.

சரி, தேதியாக இருந்தது ஏன் எண்ணாக வெளியே வந்தது? .xlsx ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். அதன் பெயரை .zip என்று மாற்றி உள்ளே போய், ஷீட்டுக்கான ஃபைலைத் திறந்தால் இப்படி இருக்கும்:

```
<c r="B2" s="3"><v>45416</v></c>
<c r="B4" t="s"><v>17</v></c>
```

முதல் வரி B2 என்ற செல். மதிப்பு 45416, அவ்வளவுதான். "இதைத் தேதியாகக் காட்டு" என்ற செய்தி s="3" என்ற குறிப்பில் இருக்கிறது; அது வேறொரு ஃபைலில் உள்ள மூன்றாம் எண் ஃபார்மேட்டைச் சுட்டுகிறது. இம்போர்ட் செய்யும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்க்காமல் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், கையில் வருவது 45416. இரண்டாவது வரியில் இருக்கும் t="s" வேறு கதை. B4 எண்ணே இல்லை, அது எழுத்து என்று அர்த்தம். 17 என்பது அந்த எழுத்து சேமிக்கப்பட்டுள்ள இடத்தின் எண். இந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

## கை வைப்பதற்கு முன்

ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். தேதித் திருத்தத்தில் ஒரு தவறான மாற்றத்தைச் சேமித்துவிட்டால், பழைய எண் என்னவாக இருந்தது என்று கண்டுபிடிக்க வழியிருக்காது.

அடுத்தது, எக்செலில் ஷீட் முழுக்க எல்லாத் தேதிகளும் ஒரே நேரத்தில் எண்ணாக மாறி, நெடுவரிசைகளும் அகலமாகிவிட்டன என்றால் ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை. யாரோ கைதவறி Ctrl + ` அழுத்தி, Show Formulas என்ற காட்சியைப் போட்டுவிட்டார்கள். அதே விசைகளை மறுபடி அழுத்தினால் தேதிகள் திரும்பிவிடும். இதைப் பார்க்காமல் ஃபார்முலா எழுத உட்கார்ந்தால் வீண் வேலை.

அது இல்லை என்றால், எண்கள் உண்மையான எண்களா, எண் போலத் தெரியும் எழுத்துகளா என்று பாருங்கள். பக்கத்துச் செல்லில் இதைப் போடுங்கள்:

```
=ISNUMBER(B2)
```

TRUE என்றால் எண். FALSE என்றால் எழுத்து. கண்ணாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: வேறு ஒழுங்குபடுத்தல் எதுவும் செய்யாத ஷீட்டில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இந்தச் சோதனையை முதல் செல்லோடு நிறுத்தாமல் நெடுவரிசை முழுக்க இழுத்துவிடுங்கள். எல்லா வரிசையிலும் ஒரே பதில் வருகிறதா, கலந்து வருகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

## எளிதான நிலை: நெடுவரிசை முழுக்க எண்கள்

எல்லாமே TRUE என்றால் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Ctrl + 1 அழுத்துங்கள். வரும் பெட்டியில் Date என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கூகுள் ஷீட்ஸில் Format, Number, Date என்று போக வேண்டும். லிப்ரே ஆஃபீஸிலும் Ctrl + 1-தான். இந்த இரண்டும் 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்யமாக வைத்து எண்ணுகின்றன. எக்செல் 1900-ஐத் தவறாக லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டு, இல்லாத பிப்ரவரி 29-க்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறது. அதனால் 1900 மார்ச் 1 முதல் மூன்றும் ஒரே எண்ணைத்தான் தரும். நிரல் எழுதி மாற்றுபவர்களும் 1899-12-30 என்பதைத் தொடக்க நாளாகக் கொடுத்தால் சரியாக வரும்.

எல்லாமே FALSE, ஆனால் எல்லாமே ஐந்து இலக்கம் என்றால் எழுத்தை முதலில் எண்ணாக்க வேண்டும். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, Data மெனுவில் Text to Columns திறந்து, எதையும் மாற்றாமல் Finish அழுத்தினால் போதும். அப்புறம் மேலே சொன்ன மாதிரி Date ஃபார்மேட். சில செல்கள் பிடிவாதமாக எழுத்தாகவே நின்றால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த தகவலில் இது அடிக்கடி நடக்கும். அதற்கு இது:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(B2,CHAR(160)," ")))
```

உங்கள் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து, ஃபார்முலாவில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கலாம். இனி வரும் ஃபார்முலாக்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. எண் 45416.60417 என்று புள்ளியோடு வந்தால் தவறில்லை. புள்ளிக்குப் பின் இருப்பது நேரம். அரை என்றால் நண்பகல், இந்த எண்ணில் இருப்பது பிற்பகல் 2:30.

## கவனிக்க வேண்டிய நிலை: பாதி எண், பாதி தேதி

இங்கேதான் நிதானம் தேவை. ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்களின் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூன் 30 அன்று எடுத்த பட்டியல், சேர்ந்த வரிசைப்படியே இருக்கிறது. இம்போர்ட் செய்தபின் B நெடுவரிசை இப்படி வந்திருக்கிறது:

```
B2   45416
B3   45539
B4   18/04/2024
B5   45356
B6   27/05/2024
B7   45602
```

பார்த்தவுடன் தோன்றுவது, "எண்ணாக மாறியவற்றை மட்டும் தேதியாக்கிவிட்டால் போதும், மற்றவை ஏற்கெனவே தேதிதானே" என்பது. அப்படிச் செய்து பாருங்கள். 45416 மே 4 ஆகிறது. 45539 செப்டம்பர் 4. 45356 மார்ச் 5. 45602 நவம்பர் 6. எல்லாமே அழகான தேதிகள், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் சேர்ந்த வரிசைப்படி இருந்த பட்டியல் மே, செப்டம்பர், ஏப்ரல், மார்ச் என்று தாவுகிறது. ஜூன் 30-இல் எடுத்த பட்டியலில் நவம்பரில் சேர்ந்தவரும் இருக்கிறார்.

நடந்தது இதுதான். முதலில் இது ஒரு CSV ஃபைல். அதில் தேதிகள் நாள்/மாதம்/ஆண்டு என்ற முறையில், வெறும் எழுத்தாக இருந்தன. அதை யாரோ மாதம்/நாள்/ஆண்டு என்று அமைத்திருந்த கணினியில் இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறந்தார்கள். எக்செல் 05/04/2024-ஐப் பார்த்து "ஐந்தாம் மாதம், நான்காம் நாள்" என்று படித்து மே 4-க்கான 45416-ஐப் போட்டுக்கொண்டது. 18/04/2024 வந்ததும் திகைத்தது, பதினெட்டாம் மாதம் ஒன்று இல்லையே. அதனால் அதைத் தொடாமல் எழுத்தாகவே விட்டுவிட்டது. ஃபைல் .xlsx ஆகச் சேமிக்கப்பட்டது. அந்தக் கணினியின் திரையில் எல்லாமே தேதிகளாகத்தான் தெரிந்திருக்கும், ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

பிறகு அந்த .xlsx வேறொரு மென்பொருளுக்குள் போனது. பல மென்பொருள்கள் ஒரு நெடுவரிசைக்கு ஒரே வகைதான் கொடுக்கும். தேதியும் எழுத்தும் கலந்திருந்தால் முழு நெடுவரிசையையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அப்போது எழுத்தாக இருந்தவை அப்படியே வரும், தேதியாக இருந்தவை உள்ளே இருந்த எண்ணாக வெளியே கொட்டும். மேலே பார்த்த இரண்டு வரிகளை நினைத்துப் பாருங்கள்: 45416 ஒரு வகை, t="s" இன்னொரு வகை.

ஆகவே ஐந்து இலக்க எண்ணும் சாய்கோட்டுத் தேதியும் ஒரே நெடுவரிசையில் கலந்து நின்றால், எண்ணாக இருப்பவைதான் தவறானவை என்று சந்தேகிக்க வேண்டும். எழுத்தாக நிற்பவை பார்வைக்குக் கோளாறாகத் தெரிந்தாலும் எக்செல் தொடாத, சேதமில்லாத தேதிகள். சேதமானவை எக்செல் "புரிந்துகொண்ட" தேதிகள்.

## சந்தேகத்தை உறுதி செய்வது எப்படி

சந்தேகம் மட்டும் போதாது. கலப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். நெடுவரிசையில் யாராவது "தெரியவில்லை" என்றோ "விண்ணப்பம் நிலுவை" என்றோ ஓரிரு செல்லில் தட்டியிருந்தாலும் முழு நெடுவரிசையும் எழுத்தாகி, மற்றத் தேதிகள் எண்ணாகிவிடும். அந்த எண்களில் ஒரு தவறும் இருக்காது. அவற்றை நாள், மாதம் மாற்றிப் போட்டால் நாமே கெடுத்த மாதிரி ஆகும்.

வேறுபடுத்த ஒரு நல்ல சோதனை உண்டு. இடம் மாறிய தேதியில் "நாள்" என்று தெரிவது உண்மையில் மாதம். ஆகவே அது 12-ஐத் தாண்டவே முடியாது. காலியாக உள்ள D நெடுவரிசையில் இதைப் போட்டு கீழே வரை இழுங்கள்:

```
=IF(OR(B2="",ISNUMBER(FIND("/",B2))),"",DAY(B2))
```

சாய்கோடு இருக்கும் செல்லுக்கும் காலிச் செல்லுக்கும் வெற்றிடம் வரும், எண் இருக்கும் செல்லுக்கு நாள் வரும். "தெரியவில்லை" மாதிரி சொல் இருந்தால் #VALUE! வரும், அது எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். D-இல் உள்ள பெரிய எண் எது என்று பாருங்கள். நம் பட்டியலில் 4, 4, 5, 6 மட்டுமே. கூடவே, எழுத்தாக நிற்கும் செல்களில் நாள் 18, 27. எண்களில் எல்லா நாளும் 12-க்குள், எழுத்துகளில் எல்லா நாளும் 12-க்கு மேல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் இடமாற்றம் உறுதி.

எவ்வளவு உறுதி? சும்மா ஒரு தேதியை எடுத்தால் அதன் நாள் 12-க்குள் இருக்க நாற்பது சதவீத வாய்ப்பு உண்டு. பத்துத் தேதிகளும் தற்செயலாக 12-க்குள் விழுவதற்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். நான்கு, ஐந்து வரிசைகள்தான் என்றால் இந்தச் சோதனையை மட்டும் நம்பாமல், நம் பட்டியலில் செய்தது போல வரிசை ஒழுங்கையும் எதிர்காலத் தேதிகளையும் பாருங்கள். எப்போதும் மாதத்தின் முதல் வாரத்தில் மட்டுமே விழும் தேதிகள், மாதச் சந்தா போன்றவை, இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். அங்கே எழுத்தாக நிற்கும் செல்களே இருக்காது என்பதால் கலப்பும் இருக்காது. அதுவே ஒரு துப்பு.

மாறாக D-இல் எங்காவது 12-க்கு மேல் ஒரு எண் வந்தால், நின்று யோசியுங்கள். அந்தச் செல் இடம் மாறியதாக இருக்கவே முடியாது. சில வரிசைகள் வேறு வழியாக, ஒருவேளை பின்னாளில் கையால் தட்டி, சேர்ந்திருக்கும். அந்த நெடுவரிசையை ஒட்டுமொத்தமாக மாற்றக் கூடாது. 12-க்கு மேல் நாள் உள்ள எண்களைச் சரியானவை என்று விட்டுவிட்டு, மீதமுள்ள எண்களுக்கு இரண்டு சாத்தியங்களையும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் வைத்து, பதிவு எண் வரிசையோடு ஒப்பிட்டு எது பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். முடிவு செய்ய முடியாதவற்றைக் காலியாக விட்டு "சரிபார்க்கவும்" என்று குறித்து வைப்பது, ஊகித்து நிரப்புவதைவிட நல்லது.

## திருத்தம்

இதற்குள் போவதற்கு முன் ஒரு கேள்வி: முதல் CSV ஃபைல் இன்னும் யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் கீழே சொல்வது எதுவும் வேண்டாம். அதை வாங்கி, ஒழுங்காக இம்போர்ட் செய்வதே சுத்தமான வழி. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

கிடைக்காது என்றால், B-ஐத் தொடாமல் C-இல் புதிய தேதியை உருவாக்குவோம். C-ஐ முதலில் General ஃபார்மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் சில சமயம் ஃபார்முலாவே எழுத்தாகத் தெரியும். B-ஐத் தேதி ஃபார்மேட்டுக்கு மாற்ற வேண்டாம், எண்ணாகவே இருக்கட்டும். பிறகு C2-இல்:

```
=IF(B2="","",IF(ISNUMBER(FIND("/",B2)),
 DATE(RIGHT(TRIM(B2),4),
      SUBSTITUTE(MID(TRIM(B2),4,2),"/",""),
      LEFT(TRIM(B2),2)),
 DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2))))
```

பார்க்க நீளம், வேலை எளிது. சாய்கோடு இருந்தால் அது சேதமாகாத எழுத்து: கடைசி நான்கு எழுத்து ஆண்டு, நடுவில் இருப்பது மாதம், முதல் இரண்டு நாள். இந்தச் செல்களில் நாள் எப்போதும் 12-க்கு மேல் இரண்டு இலக்கமாகத்தான் இருக்கும் என்பதால் முதல் இரண்டு எழுத்தைத் தைரியமாக எடுக்கலாம். மாதம் மட்டும் சில ஃபைல்களில் 18/4/2024 என்று ஒற்றை இலக்கமாக வரும், அதற்காகத்தான் SUBSTITUTE. ஆண்டு 24 என்று இரண்டு இலக்கமாக இருந்தால் இந்த ஃபார்முலா பொருந்தாது; RIGHT பகுதியை "20"&RIGHT(TRIM(B2),2) என்று மாற்றுங்கள். தேதிகள் சாய்கோட்டுக்குப் பதில் கோடு அல்லது புள்ளி போட்டு வந்திருந்தால் "/" வரும் இடங்களில் அந்தக் குறியைப் போட வேண்டும். D-இல் போட்ட சோதனைக்கும் இதே மாற்றம் தேவை.

சாய்கோடு இல்லையென்றால் அது எண். அதன் ஆண்டை அப்படியே எடுத்து, நாள் என்று தெரிவதை மாதத்தின் இடத்திலும், மாதம் என்று தெரிவதை நாளின் இடத்திலும் போடுகிறோம். எண் எழுத்து வடிவில் வந்திருந்தாலும் எக்செலில் YEAR, DAY, MONTH அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். நேரமும் தேவைப்பட்டால் கடைசி DATE-க்குப் பின் +MOD(B2,1) சேர்த்துக்கொள்ளுங்கள்.

C-ஐத் தேதி ஃபார்மேட்டுக்கு மாற்றினால் நம் பட்டியல் இப்படி வரும்:

```
45416        05-04-2024
45539        09-04-2024
18/04/2024   18-04-2024
45356        03-05-2024
27/05/2024   27-05-2024
45602        11-06-2024
```

ஏப்ரல் 5-இல் தொடங்கி ஜூன் 11 வரை சீராக ஏறுகிறது. ஜூன் 30-ஐத் தாண்டி ஒன்றுமில்லை.

இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, இந்தக் கலப்பு நெடுவரிசையில் Text to Columns-ஐயோ VALUE-ஐயோ முதலில் ஓட்டிவிடாதீர்கள். உங்கள் கணினி நாள்/மாதம் முறையில் இருந்தால் 18/04/2024-உம் 45400 என்ற எண்ணாகிவிடும். எது தொடப்பட்டது, எது தொடப்படாதது என்ற அடையாளமே அழிந்துவிடும்.

இரண்டாவது, DATE தவறான மாதத்தைக் கண்டு பிழை காட்டாது. DATE(2024,18,4) என்று கொடுத்தால் 18 மாதத்தை எண்ணிக்கொண்டே போய் 2025 ஜூன் 4 என்று சாதாரணமாகப் பதில் சொல்லும். சரியான ஒரு எண்ணைத் தெரியாமல் இடம் மாற்றிவிட்டால் இப்படி அடுத்த ஆண்டுக்குத் தாவிய தேதிகள் வரும். ஆகவே C-ஐ வடிகட்டிப் பார்த்து, எதிர்பாராத ஆண்டு ஏதும் தெரிகிறதா என்று கவனியுங்கள். அப்படி ஒன்று தெரிந்தாலே D சோதனையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று பொருள்.

வேறு ஆவணம் ஏதாவது கையில் இருந்தால், ரசீது, மின்னஞ்சல், எதுவானாலும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிட எடுக்கும் வரிசைகள் எண்ணாக இருந்தவையாக இருக்கட்டும். அதிலும் 04/04 போல நாளும் மாதமும் ஒன்றாக உள்ளவற்றை விட்டுவிடுங்கள். அவை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான், எதையும் நிரூபிக்காது.

## எல்லாத் தேதியும் நான்கு ஆண்டு பின்தங்கி வந்தால்

இது அபூர்வம், ஆனால் வந்தால் குழப்பிவிடும். எக்செலில் 1904 ஜனவரி 1-ஐப் பூஜ்யமாக வைத்து எண்ணும் இன்னொரு முறையும் உண்டு. 2008 பதிப்பு வரை மேக் கணினிக்கான எக்செல் இதைத்தான் இயல்பாகப் பயன்படுத்தியது. அந்தக் காலத்து ஃபைல் ஒன்றை அடிப்படையாக வைத்து நகல் எடுத்து எடுத்துப் பயன்படுத்தி வருபவர்களிடம் இன்றும் பார்க்கலாம். இரண்டு முறைக்கும் வித்தியாசம் 1462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும்.

2024 மே 4 அந்த முறையில் 43954. அதைச் சாதாரண முறையில் தேதியாக்கினால் 2020 மே 3 என்று வரும். நெடுவரிசை முழுக்க இதே அளவு பின்தங்கியிருந்தால், எண்ணோடு 1462-ஐக் கூட்டிவிடுங்கள். அந்த "ஒரு நாள்" வித்தியாசம்தான் அடையாளம். சரியாக நான்கு ஆண்டு மட்டும் தள்ளியிருந்தால் காரணம் வேறு, இந்தக் கூட்டல் உதவாது. கலப்பு நெடுவரிசையில் இதுவும் சேர்ந்து வந்தால் முதலில் எண்களோடு 1462-ஐக் கூட்டிவிட்டு, பிறகுதான் நாள், மாத இடமாற்றச் சோதனைக்குப் போக வேண்டும்.

## சேமிப்பதும் அடுத்த இம்போர்ட்டும்

C-இல் இருப்பது இன்னும் ஃபார்முலா. B-ஐ அழித்தால் C-யும் போய்விடும். ஆகவே C-ஐ நகலெடுத்து, அதே இடத்தில் Ctrl + Alt + V அழுத்தி Values என்று ஒட்டுங்கள். B-ஐ உடனே அழிக்காமல் "பழைய மதிப்பு" என்று தலைப்பை மாற்றி ஓரமாக வைத்திருப்பது நல்லது. பின்னால் யாராவது "இந்தத் தேதி எப்படி வந்தது" என்று கேட்டால் காட்ட ஒன்று இருக்கும்.

இந்த ஃபைல் இன்னொரு மென்பொருளுக்குப் போகப்போகிறது என்றால், Ctrl + 1-இல் Custom போய் yyyy-mm-dd என்று கொடுத்து, அப்புறம் CSV ஆகச் சேமியுங்கள். CSV-இல் திரையில் தெரிகிற வடிவம்தான் எழுதப்படும், ஆகவே C இன்னும் General ஃபார்மேட்டிலேயே இருந்தால் 45387 மாதிரி எண்களே மறுபடி வெளியே போகும். 2024-04-05 என்று எழுதியதில் நாள் எது, மாதம் எது என்ற குழப்பத்துக்கு இடமில்லை.

முதல் CSV கையில் கிடைத்தவர்கள் அதை இரட்டைக் கிளிக் செய்து திறக்க வேண்டாம். காலி ஷீட் ஒன்றைத் திறந்து, Data மெனுவில் From Text/CSV வழியாக ஃபைலைக் கொடுத்து, Transform Data அழுத்துங்கள். அங்கே தேதி நெடுவரிசையின் தலைப்பில் இருக்கும் வகைக் குறியைக் கிளிக் செய்து Using Locale என்பதில் Date-ஐயும், நாள் முதலில் வரும் ஏதாவது ஒரு லொகேலையும், உதாரணமாக English (United Kingdom), தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே வகை மாற்றியிருக்கிறதே என்று கேட்டால் Replace current கொடுங்கள். Add new step கொடுத்தால், எக்செல் தன் இஷ்டத்துக்கு முதலில் படித்துவிட்ட தேதிக்கு மேலேயே உங்கள் மாற்றம் போய் உட்காரும், பழைய இடமாற்றமும் அப்படியே தொடரும்.